‘கடைசி வாய்க்கால்’ அட்டைக்கு வராத கதை: ஒரு நாவலுக்குப் பெயர் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில், பெரிய குளமொன்றின் கீழ் உள்ள குடியேற்றத் திட்டக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் முதல் நாவல் இது. செம்மையாக்கம் முடிந்துவிட்டது. பக்க அமைப்பில் 208 பக்கம். மெய்ப்பும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. அட்டை வரைபவர் பெயருக்காகக் காத்திருந்தார்.

கதை நடப்பது 1970களின் நடுப்பகுதியில். 1970 முதல் 1977 வரை இருந்த அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வடக்கில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலம். மழை பிந்திப்போன ஒரு வருடம், கோடைப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதவில்லை. கூட்டம் கூடி, முறை வைத்துத் தண்ணீர் விடுவதென்று முடிவெடுக்கிறார்கள். வாய்க்காலின் ஆகக் கடைசியில் உள்ள மூன்று ஏக்கர் காணிக்கு எட்டாம் நாள் இரவுதான் முறை. அந்தக் காணிக்காரி லாந்தரும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையில் இருக்கிறாள். மேலே யாரோ களவாக வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்களா என்று அறிய, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு வேப்பிலையைத் தண்ணீரில் விட்டு அது ஓடும் வேகத்தைப் பார்க்கிறாள். நாவலின் உயிர் இந்த இலைதான் என்று செம்மையாக்கியவர் கருதினார். போர் எங்கேயும் இல்லை. கடைசி அத்தியாயம் 1977இல் முடிந்துவிடுகிறது.

ஆசிரியை வைத்திருந்த பெயர் ‘கடைசி வாய்க்கால்’. முதல் கொப்பியின் முதல் தாளில் பதினொரு வருடத்துக்கு முன்னரே அந்தப் பெயரை எழுதியிருக்கிறார். அவருடைய தாயின் காணியும் வாய்க்காலின் கடைசியில்தான் இருந்தது.

## முதலில் எழுந்த ஐயம்

பெயரில் சிக்கல் இருப்பதை முதலில் கண்டவர் பக்கம் அமைத்த இளைஞர். கோப்பைத் திறந்ததும், “இதுவும் 2009ஐப் பற்றினதோ?” என்று கேட்டார். கேட்டபோது அவர் ஒரு பக்கமும் வாசித்திருக்கவில்லை.

‘வாய்க்கால்’ என்பது வன்னியில் அன்றாடம் வாயில் புழங்கும் சொல். வயலுக்குப் போகிறவர் ஒரு நாளில் பத்துத் தடவை சொல்வார். அப்போது அது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் அதே சொல் ஒரு புத்தக அட்டையில், அதுவும் ‘கடைசி’ என்பதற்குப் பக்கத்தில் வந்தால், முன்னால் ‘முள்ளி’ இல்லாவிட்டாலும் வாசிப்பவர் தானாகவே சேர்த்துக்கொண்டு, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைக்கிறார். ஆசிரியை இதை ஏற்கவில்லை. “தம்பி, நான் பிறக்க முன்னமே இருந்த சொல்லு அது. அதை நான் ஏன் விட்டுக்குடுக்க வேணும்?” என்றார். நியாயமான கேள்விதான். வாக்குவாதத்தால் தீராது என்பதால், பெயர்களைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆசிரியையும் பதிப்புக் குழுவினரும் ஒத்துக்கொண்டார்கள். ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்தார்: அவருடைய பெயரும் மற்றவற்றோடு சமமாகச் சோதிக்கப்பட வேண்டும்.

## பெயர்களைத் திரட்டியது

உட்கார்ந்து யோசித்துப் பெயர் கண்டுபிடிக்கும் முறையைத் தவிர்த்தார்கள். அப்படி வருபவை பெரும்பாலும் ‘ஈரம்’, ‘வேர்கள்’ போல எந்த நூலுக்கும் பொருந்தும் பெயர்களாகவே இருக்கும். அதற்குப் பதிலாகக் கையெழுத்துப் படியை மறுபடி வாசித்து, பாத்திரங்களின் வாயில் மூன்று தடவைக்கு மேல் வரும் தொடர்களையும் கதை திரும்பும் இடங்களில் நிற்கும் சொற்களையும் பென்சிலால் கோடிட்டார்கள். 23 கிடைத்தன.

இவற்றில் ஒன்று ஏற்கெனவே ஒரு கவிதைத் தொகுப்புக்கு இருந்தது. நூலகம் இணையத் தளத்திலும் (noolaham.org) பொது நூலகத்திலும் தேடியபோது தெரிந்தது. பெயருக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு நூல் இருந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். இன்னும் சில, முதுகுப் பக்கத்துக்கு நீளமாக இருந்ததால் கழிந்தன. 208 பக்கம் என்றால் 104 தாள். வழக்கமான தாளில் முதுகு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர்தான் வரும். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் வேண்டும் என்பதால், அந்த அகலத்தில் எழுத்தை ஓரளவுக்கு மேல் பெருப்பிக்க முடியாது. நீளத்தைப் பொறுத்தவரை ஆசிரியர் பெயருக்கும் இடம் விட வேண்டும். நான்கு சொல் கொண்ட பெயர் அங்கே எறும்பு ஊர்ந்ததுபோலத் தெரியும்.

ஆறு மிஞ்சின: கடைசி வாய்க்கால், சிறுபோகம், வான் பாயாத வருடம், எட்டாம் நாள் தண்ணீர், துருசு, முறைத்தண்ணி.

## சோதித்த விதம்

நாவலை வாசிக்காத, அதைப் பற்றிக் கேள்விப்படாத 27 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். வன்னியில் 9 பேர், இலங்கையின் மற்றப் பகுதிகளில் 9 பேர் (யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு), தமிழ்நாட்டில் 9 பேர். நூலில் பாதி தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் போகும் என்று திட்டம் இருந்ததால் மூன்றாவது கூட்டம் தேவைப்பட்டது.

ஒருவருக்கு இரண்டு பெயருக்கு மேல் சொல்லவில்லை. ஆறையும் அடுக்கிச் சொன்னால் முதலாவது பெயர் மற்றவற்றுக்கு வெளிச்சம் காட்டிவிடும். ‘சிறுபோகம்’ கேட்டவருக்கு அடுத்து ‘துருசு’ சொன்னால் அவர் குளத்தைப் பிடித்துக்கொள்வார். எனவே ‘கடைசி வாய்க்கால்’ போன்ற ஒன்றோடு, அதற்குத் துணை செய்யாத இன்னொன்றைச் சேர்த்தார்கள். எந்தப் பெயர் முதலில் என்பதையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். இப்படி ஒவ்வொரு பெயரையும் 9 பேர் கேட்டார்கள், ஒவ்வொரு பகுதியிலும் மூவர்.

கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இந்தப் பேரில ஒரு புத்தகம் இருந்தால், அதுக்குள்ள என்ன இருக்கும் எண்டு நினைப்பியள்?” ‘பெயர் பிடித்திருக்கிறதா’ என்று கேட்கவே இல்லை. அதற்கு எல்லாரும் மரியாதைக்கு ‘நல்லாயிருக்கு’ என்பார்கள். பதிலை அவரவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டார்கள். விளக்கம் கேட்டால் கொடுக்கவில்லை.

இரண்டாவது படி தொனிக்கு. ஒரு தாளில் பெயரைப் பெரிதாகவும் அதன் கீழ் நாவலின் முதல் இரண்டு பந்தியையும் அச்சிட்டுக் கொடுத்து, “பெயர் வைச்ச ஆளும் இதை எழுதின ஆளும் ஒரே ஆள் போல இருக்கா?” என்று கேட்டார்கள். மூன்றாவது படி நினைவுக்கு. ஐந்து நாள் கழித்துத் தொலைபேசியில் எடுத்து, அன்று சொன்ன பெயர்கள் என்ன என்று மட்டும் கேட்டார்கள்.

## பொருளில் வெளிவந்தவை

‘கடைசி வாய்க்கால்’ கேட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேர் போரின் இறுதி நாட்களைச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் மட்டும், காவிரிக் கடைமடைபோல ஏதோ ஒன்று என்றார். நாவலுக்கு ஆகக் கிட்ட வந்தவர் வன்னியை ஒருநாளும் பார்த்திராதவர். வன்னிப் பெண் ஒருவர் பதிலே சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “இதை ஏன் பிள்ளை கேக்கிறியள்?” என்றார். அவரிடம் இரண்டாவது பெயரைச் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்த்தார்கள்.

‘சிறுபோகம்’ இலங்கைக்காரர் ஆறு பேரில் ஐவருக்கு உடனே விளங்கியது. தமிழ்நாட்டில் இருவர் அதைச் சிற்றின்பமாக எடுத்துக்கொண்டார்கள். ‘முப்போகம் விளைந்தது’ என்றால் அங்கும் வயல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே பருவத்துக்குக் குறுவை, சம்பா என்றே பெயர். எண்ணும் விளைச்சலும் பக்கத்தில் இல்லாமல் ‘போகம்’ தனியே நின்றால் மற்றப் பொருள் முந்திக்கொள்கிறது.

‘வான் பாயாத வருடம்’ ஆசிரியைக்கு இரண்டாவது விருப்பம். குளம் நிரம்பி மிகைநீர் வெளியேறுவதை வன்னியில் ‘வான் பாயுது’ என்பார்கள். வான் பாயாத வருடம் என்றால் குளம் நிரம்பாத வருடம். வன்னிக்காரர் மூவருக்கும் இது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மூவரும் கேட்டவுடன் 2018 டிசம்பர் வெள்ளத்தையும் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்ததையும் சொல்லத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு வான் என்றால் ஆகாயம். தென் தமிழ்நாட்டில் இதையே ‘மறுகால் பாய்தல்’ என்பார்கள், ஆகவே வினை தெரிந்தும் பெயர்ச்சொல் பிடிபடவில்லை. கொழும்பில் ஒருவர், “பள்ளத்துக்குள்ள பாயப்போன வானில தப்பின ஆக்களின்ட கதையோ?” என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அவரில் பிழையில்லை. இலங்கையில் ‘வேன்’ என்ற வாகனத்தையும் ‘வான்’ என்றுதான் எழுதுகிறோம், விபத்துச் செய்திகளில் அது ‘பாய்ந்து’தான் விழுகிறது.

‘துருசு’ என்பது குளக்கட்டில் தண்ணீர் திறந்துவிடும் வாய். தமிழ்நாட்டில் மதகு, மடை என்பது. வன்னிக்கு வெளியே அநேகமாக எல்லாரும் ‘துரு’ என்று கேட்டுக்கொண்டார்கள். மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், சித்த மருந்துச் சரக்கான மயில்துத்தத்தைச் சொன்னார். அதற்கும் துருசு என்ற பெயர் உண்டு.

எதிர்பாராத முடிவு ‘எட்டாம் நாள் தண்ணீர்’ தந்தது. பெயர் தேர்ந்த குழுவில் இருந்த எல்லாருக்கும் பிடித்திருந்த பெயர் அது. எண் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. ஆனால் இலங்கைக்காரர் ஆறு பேரில் நால்வர் செத்தவீட்டைச் சொன்னார்கள். எட்டுச்செலவு நாளில் இறந்தவருக்குப் படைக்கும் தண்ணீர் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. பெயரில் வேலை செய்த யாருக்கும் இது தோன்றவில்லை. வாய்க்கால் முறையை மனதில் வைத்து வாசித்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு மற்ற எட்டு மறைந்துபோனது. தமிழ்நாட்டில் மூவருமே நகரசபைக் குழாயில் எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் என்றார்கள். எட்டை ஆறாக மாற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. நாவலில் அந்த எட்டு நாட்களும் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. பெயருக்காக உள்ளே கைவைக்க ஆசிரியை மறுத்தார். மறுத்தது சரி.

‘முறைத்தண்ணி’யை வன்னிக்காரர் மூவரும் சரியாகச் சொன்னார்கள். வெளியே, முறைக்கு அள்ளும் கிணற்றுத் தண்ணீர் என்றும், வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர் என்றும் பதில்கள் வந்தன. இடம் தவறினாலும் கரு தவறவில்லை: எல்லாருக்கும் போதாத ஒன்று, அதைப் பங்கிட ஒரு ஒழுங்கு. ஆனால் மூன்று பேர் ‘தண்ணி’யைக் குடிவகையாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாடு, ஒருவர் மலையகம்.

## தொனியும் நினைவும்

தொனிச் சோதனையில் நீளமாகச் சொல்ல அதிகமில்லை. ‘துருசு’ இறுக்கமாக இருக்கிறது என்றார்கள். ‘முறைத்தண்ணி’க்குக் கிடைத்த பதில் பயனுள்ளது. முதல் பந்தியை வாசித்த பலர், பெயர் பகிடிக் கதைக்கு உரியதுபோல இருக்கிறது, எழுத்து அப்படியில்லை என்றார்கள். நாவலில் உரையாடல் மட்டுமே பேச்சுத் தமிழ். கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழ். அட்டையில் இருக்கும் பெயரை வாசகர் கதைசொல்லியின் குரலாகவே கேட்கிறார், பாத்திரத்தின் குரலாக அல்ல.

ஐந்து நாள் கழித்து ‘கடைசி வாய்க்கால்’ பெயரை ஒன்பதில் எட்டுப் பேர் பிசகாமல் சொன்னார்கள். ஆறு பெயர்களிலும் அதுவே முதல். ‘சிறுபோகம்’ ஏழு, ‘முறைத்தண்ணி’ ஆறு. மேலும் இருவர் அதைத் ‘தண்ணி முறை’ என்று திருப்பிச் சொன்னார்கள். ‘எட்டாம் நாள் தண்ணீர்’ ஐந்து. எண் சிலருக்கு ஏழாகிவிட்டது. ‘வான் பாயாத வருடம்’ நான்கு. மற்றவர்களுக்கு வருடம் ‘காலம்’ ஆனது, ‘ஆண்டு’ ஆனது. ‘துருசு’ மூன்று.

இங்கே ஆசிரியை மறுபடி தன் பெயரை எடுத்தார். “எல்லாருக்கும் ஞாபகம் நிக்குது. பிறகென்ன?” கடினமான கட்டம் இதுதான். பெயர் நினைவில் நின்றது உண்மை. ஆனால் நினைவில் நின்றது புத்தகமல்ல, கேட்டவர் தன்னிடம் ஏற்கெனவே வைத்திருந்த துயரம். அந்தத் துயரத்தை நம்பி நூலை வாங்குகிறவர், மிளகாய்த் தோட்டமும் வாய்க்கால் சண்டையுமாக 208 பக்கம் போவதைக் கண்டு ஏமாறுவார். சிலர் கோபப்படவும் கூடும். அந்தப் பெயரை விற்பனைக்குப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். மறுபக்கம், அந்த நாட்களைப் பற்றி இனி வாசிக்க மனமில்லாதவர் நூலைத் தொடவே மாட்டார்.

ஆசிரியை எழுப்பிய இன்னொரு ஆட்சேபம் வலுவானது. சோதனை நடந்தது மே மாதம். முள்ளிவாய்க்கால் கஞ்சி ஊர்தோறும் வழங்கப்படும் நாட்கள். அந்த மாதத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? இதற்கு இடமிருந்ததால் அட்டை வேலையை நிறுத்திவைத்து, ஓகஸ்டில் இலங்கையில் புதிதாக ஆறு பேரிடம் அந்த ஒரு பெயரை மட்டும் கேட்டார்கள். ஐவர் அதே பதிலைத் தந்தார்கள்.

## எடுத்த முடிவு

‘கடைசி வாய்க்கால்’ அட்டையிலிருந்து போனது, நூலிலிருந்து போகவில்லை. மூன்றாம் பாகத்தின் தலைப்பாக வைத்தார்கள். அந்த இடத்துக்கு வரும்போது வாசகர் 130 பக்கம் கடந்திருப்பார். காணி எங்கே இருக்கிறது, கடைசி என்றால் எதன் கடைசி என்று அவருக்குத் தெரியும். சூழல் இல்லாமல் வழுக்கிய அதே சொல் அங்கே நேராக நிற்கிறது. ஆசிரியை இணங்கியது இந்த ஏற்பாட்டினால்தான். வெறுமனே நீக்கச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

அட்டைக்கு ‘முறைத்தண்ணி’யை எடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: முறைத் தண்ணீர். ‘தண்ணீர்’ என்றதும் குடிவகை விலகிவிடும், கதைசொல்லியின் குரலோடும் ஒட்டும். ‘தண்ணீர் முறை’ என்ற வடிவமும் பேச்சுக்கு வந்தது, இருவர் தாமாகவே அப்படித் திருப்பிச் சொன்னதால். ஆனால் அது பாசனப் பொறியியல் பாடத் தலைப்புபோல இருந்தது. ‘முறை’ மட்டும் போதுமா என்றும் பார்த்தார்கள். இலங்கையில் அது பொலிஸ் முறைப்பாட்டை நோக்கி இழுத்தது, தமிழ்நாட்டில் முறைமாமன், முறைப்பெண் பக்கம் இழுத்தது.

புதிய 12 பேரிடம் ‘முறைத் தண்ணீர்’ மட்டும் சோதிக்கப்பட்டது. பத்துப் பேர் தண்ணீரைப் பங்கிடுவது பற்றிய நூல் என்றார்கள். அவர்களில் ஒருவர், முறை என்றால் நியாயமும்தானே என்று தானாகச் சொன்னார். கேள்வியில் அந்தப் பொருள் எங்கும் இல்லை. ஐந்து நாள் கழித்து ஏழு பேருக்குப் பெயர் அப்படியே நினைவிருந்தது. ‘கடைசி வாய்க்கால்’ அளவுக்கு இது நிற்கவில்லை என்பதை ஆசிரியையிடம் மறைக்காமல் சொன்னார்கள். “சரி தம்பி, பிழையா நிக்கிறதிலும் சரியா மறக்கிறது பரவாயில்லை” என்றார் அவர், முழு மனதோடு அல்ல.

## பின் நடந்தது

300 படி அச்சானது. கிளிநொச்சியில் பாடசாலை மண்டபமொன்றில் வெளியீடு. கமக்காரர் அமைப்புகளிலிருந்து வந்தவர்கள் பெயரை விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள். இவ்வளவும் எதிர்பார்த்தபடி.

எதிர்பாராதது ஆறு கிழமைக்குப் பிறகு தெரியவந்தது. யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையொன்றில் ஒரு படியும் விற்கவில்லை. போய்ப் பார்த்தால் நூல் விவசாயத் தட்டில், பயிர் நோய்க் கையேடுகளுக்கும் சேதனப் பசளை நூலுக்கும் நடுவில் இருந்தது. அட்டையில் வாய்க்காலும் வயலும் கோட்டோவியமாக இருந்தன. ‘நாவல்’ என்ற சொல் கீழ் மூலையில் சிறிதாக. கடைக்காரர் பெயரையும் படத்தையும் பார்த்துத் தட்டைத் தீர்மானித்திருக்கிறார். வேறு எப்படித் தீர்மானிப்பார்?

சோதனை இதைப் பிடிக்காததற்குக் காரணம் கேள்வியிலேயே இருந்தது. ‘அதுக்குள்ள என்ன இருக்கும்’ என்று கேட்டபோது ‘தண்ணீர்ப் பங்கீடு’ என்று வந்த பதிலைச் சரி என்று குறித்துக்கொண்டார்கள். அந்தப் பதிலைச் சொன்னவர் மனதில் இருந்தது கதையா கையேடா என்று யாரும் கேட்கவில்லை. பழைய குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, பன்னிருவரில் நால்வர் ‘திட்டம்’, ‘ஆலோசனை’ போன்ற சொற்களைப் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. தடயம் கையில் இருந்தும் கவனிக்கப்படவில்லை.

மீதிப் படிகளுக்கு அட்டையில் ஒட்டுத்தாள் அடித்தார்கள். ‘நாவல்’ என்ற சொல் பெயருக்கு நேர் கீழே, பெயரின் பாதி அளவில் வந்தது. அதே கடையில் அதன் பிறகு நூல் இலக்கியத் தட்டுக்கு மாறியது, விற்கவும் தொடங்கியது. பெயரால் விற்றதா தட்டால் விற்றதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இன்னொரு சிறு பிசகும் உண்டு. தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு நூல் எண் விண்ணப்பம் அனுப்பியபோது பெயரை ‘முறைத்தண்ணீர்’ என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். அட்டையிலோ ‘முறைத் தண்ணீர்’ என்று பிரித்து. விற்பனையாளர் ஒருவர் தன் பட்டியலில் ‘த்’ என்ற ஒற்றையும் விட்டு ‘முறை தண்ணீர்’ என்று போட்டார். தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டினாலும் மற்ற இரண்டும் வருவதில்லை.

## அடுத்த நூலுக்கு மாற்றுவது

இதே குழுவின் கையில் இப்போது இன்னொரு கையெழுத்துப் படி இருக்கிறது, மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக் கதைகள். அதற்கு நடைமுறையில் மூன்று இடத்தில் மாற்றம். பொருள் கேள்விக்குப் பிறகு, “கடையில இதை எந்தத் தட்டில தேடுவியள்?” என்ற கேள்வி சேர்கிறது. தொனிச் சோதனைத் தாளில் வெறும் பெயருக்குப் பதில் அட்டையின் மாதிரியே வைக்கப்படும், ஏனென்றால் கடைக்காரர் படத்தையும் பெயரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒற்று வரும் இடமும் பிரிக்கும் இடமும் விண்ணப்பத்துக்கு முன்னரே ஒரு தாளில் எழுதி, அட்டை வரைபவர், அச்சகம், விற்பனையாளர் மூவருக்கும் கொடுக்கப்படும்.

ஒரு பெயரை 9 பேர் கேட்டது போதுமா என்ற கேள்வியும் வந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சொல்ல அது போதாது. ‘முறைத்தண்ணி’யையும் ‘சிறுபோக’த்தையும் நினைவின் அடிப்படையில் தரம் பிரித்திருந்தால் அது வெறும் ஊகமாகவே இருந்திருக்கும். ஒன்பதில் எட்டுப் பேர் ஒரே திசையில் போவதைக் காண அது போதும். நினைவுச் சோதனையில் இன்னொரு குறையும் இருக்கிறது. பெயருக்கு விளக்கம் சொல்லச் சொன்னதாலேயே அது கேட்டவர் மனதில் கூடுதலாகப் பதிந்திருக்கும். கடைத் தட்டில் ஒரு கணம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அவ்வளவு பதியாது. கடற்கரைக் கதைகளுக்கு, நினைவுச் சோதனைக்கென்று தனியாக ஆறு பேருக்குப் பெயரை ஒரு துண்டில் எழுதி ஒருதரம் மட்டும் காட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் விடுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள்.